மலம் இறுகிப் போச்சா? கிவியும் ப்ரூன்ஸும் எப்படி, எவ்வளவு சாப்பிடணும்

மலச்சிக்கலுக்கு சார்பிட்டால் இருக்கிற பழம் நல்லதுன்னு சொல்லும்போது கூடவே கிவியையும் அந்த லிஸ்ட்ல சேத்துடுறாங்க, ஆனா கிவில சார்பிட்டால் ரொம்ப ரொம்பக் கம்மி. கிவி வேலை செய்ற விதமே வேற. இது தெரிஞ்சா உங்க வயித்துக்கு எந்தப் பழம் சரிப்படும்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம், அதனால அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

சார்பிட்டால்ங்கிறது சில பழங்கள்ல இயற்கையாவே இருக்கிற ஒரு வகை சர்க்கரை. சிறுகுடல் இதை முழுசா உறிஞ்சாது, மிச்சம் இருக்கிறது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டே பெருங்குடலுக்குப் போகும், அதனால மலம் காயாம இளக்கமா வரும். ஆனா பெருங்குடல்ல இருக்கிற பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும், அப்போ கேஸ் வரும். ப்ரூன்ஸ், அதாவது காய வச்ச பிளம்ஸ்ல தான் இது அதிகம், 100 கிராம்ல கிட்டத்தட்ட 15 கிராம். பேரிக்காய்ல 100 கிராமுக்கு சுமார் 2 கிராம், ஆப்பிள்ல அதைவிடக் கம்மி. பீச், செர்ரிலயும் கொஞ்சம் இருக்கு.

கிவில என்ன நடக்குதுன்னா, அதோட நார்ச்சத்து தண்ணில நல்லா ஊதும். இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு கிவி குடுத்து எம்ஆர்ஐல பாத்தாங்க (2019ல வந்த ஆய்வு), சிறுகுடல்ல தண்ணி கூடியிருந்துச்சு. கிவில ஆக்டினிடின்னு புரதத்தை உடைக்கிற என்சைமும் இருக்கு, அதுக்கு இதுல எவ்வளவு பங்குன்னு இன்னும் தெளிவாகல.

ஸ்டெப் 1: பழத்துக்கு முன்னாடி இதைப் பாருங்க

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, ரத்தசோகை, வாந்தியோட வயிறு உப்புறது, இல்ல 50 வயசு பக்கத்துல திடீர்னு மலம் போற பழக்கமே மாறுறது, இதுல எது இருந்தாலும் பழம் சாப்பிட்டுப் பாத்துட்டு இருக்காம டாக்டர்கிட்ட போங்க. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மாத்திரை கூட மலத்தை இறுக்கும், மாத்திரைய நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேளுங்க. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க பொட்டாசியத்துக்காகக் கேட்டுட்டு தான் ரெண்டு பழத்தையும் தொடணும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்குறவங்களும் தினமும் ப்ரூன்ஸ் ஆரம்பிக்கும் முன்னாடி சொல்லிடுங்க, அதுல வைட்டமின் கே இருக்கு. கிவி சாப்பிட்டா வாய், உதடு அரிக்குதுன்னா அது அலர்ஜி, அதோட விட்டுடுங்க.

ஸ்டெப் 2: இப்போ எப்படி இருக்குன்னு ஒரு வாரம் எழுதுங்க

பிரிஸ்டல் ஸ்டூல் சார்ட்னு ஒண்ணு இருக்கு, 1லேருந்து 7 வரைக்கும். ஆட்டுப்புழுக்கை மாதிரி தனித்தனியா வந்தா 1, கட்டிகட்டியா ஒட்டி வந்தா 2, மேல வெடிப்போட வந்தா 3, வழவழன்னு சுலபமா வந்தா 4. உங்க இலக்கு 3 இல்ல 4. எத்தனை நாளைக்கு ஒருக்கா போறீங்க, முக்க வேண்டியிருக்கா, முழுசா போன மாதிரி இருக்கா, இதையும் நோட்ல குறிங்க, ஏன்னா இது இல்லாம பழம் உதவுச்சான்னு சொல்லவே முடியாது, ஞாபகம் ஏமாத்தும்.

ஸ்டெப் 3: ஒரே ஒரு பழத்தை எடுங்க

எனக்கு முதல் சாய்ஸ் பச்சைக் கிவி. 2021ல அமெரிக்கால மிச்சிகன்ல மலச்சிக்கல் இருந்த 79 பேரை மூணு குரூப்பா பிரிச்சு 4 வாரம் பாத்தாங்க, ஒரு குரூப்புக்கு தினம் 2 பச்சைக் கிவி, இன்னொண்ணுக்கு 100 கிராம் ப்ரூன்ஸ், மூணாவதுக்கு 12 கிராம் சைலியம் (நம்ம இசப்கோல் தான்). மூணுமே உதவுச்சு, ஆனா தொந்தரவுன்னு சொன்னவங்களும் திருப்தி இல்லன்னு சொன்னவங்களும் கிவி குரூப்ல தான் குறைவு. 2023ல நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான்னு மூணு நாட்டுல நடந்த ஆய்வுலயும் தினம் 2 பச்சைக் கிவி சாப்பிட்ட மலச்சிக்கல்காரங்களுக்கு முழுசா போற தடவை வாரத்துக்கு சுமார் ஒன்றரை கூடுச்சு. இந்த ரெண்டு ஆய்வுக்கும் கிவி விக்கிற ஜெஸ்ப்ரி கம்பெனி பணம் குடுத்திருக்கு, என்ன பழம் சாப்பிடுறோம்னு சாப்பிடுறவங்களுக்கும் தெரியும், அதை மனசுல வச்சுத்தான் படிக்கணும். இருந்தாலும் பல நாட்டுல ஒரே திசைல ரிசல்ட் வருதுங்கிறதால நான் நம்புறேன்.

ப்ரூன்ஸுக்கும் நல்ல ஆதாரம் இருக்கு. 2011ல 40 பேர்கிட்ட நடந்த ஆய்வுல தினம் ரெண்டு வேளை 50 கிராம் ப்ரூன்ஸ் எடுத்தப்போ, அதே அளவு நார்ச்சத்து குடுத்த சைலியத்தைவிட மலம் இன்னும் இளக்கமா வந்துச்சு. நார்ச்சத்து சமமா இருந்தும் வித்தியாசம் வந்துச்சுன்னா அங்க சார்பிட்டாலும் வேலை செஞ்சிருக்கும்னு நினைக்க இடம் இருக்கு. ஆனா ஏற்கனவே கேஸ், உப்புசம், ஐபிஎஸ்ங்கிற எரிச்சல் குடல் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு இது ஒத்துக்காம போகலாம், சுகர் இருக்கிறவங்க 100 கிராம்ல 38 கிராம் கிட்ட சர்க்கரை இருக்குன்னு கணக்குல வைங்க.

ஊட்டி, கொடைக்கானல் பேரிக்காய் சீசன்ல மலிவா கிடைக்கும், தோலோட சாப்பிடலாம், ஆனா கிவி, ப்ரூன்ஸ் அளவுக்கு அதுக்கு ஆய்வு இல்ல.

ஸ்டெப் 4: சாப்பிடுற முறை

கிவி லேசா அமுக்கினா அமுங்கணும். கல்லு மாதிரி இருந்தா வாழைப்பழத்தோட ஒரு கவர்ல போட்டு வெளிய வைங்க, பழுத்துடும். தோலை சீவிட்டு, இல்ல பாதியா வெட்டி ஸ்பூன்ல தோண்டி, நாளைக்கு 2, எந்த வேளைன்னாலும் சரி. ஜூஸ் போட்டு வடிகட்டினா நார் போயிடும், அப்புறம் சாப்பிட்டு என்ன பிரயோஜனம். பால்ல அடிச்சு வச்சீங்கன்னா அந்த என்சைமால கசந்துடும், அதனால அப்படியே சாப்பிடுங்க.

ப்ரூன்ஸ்னா முதல்ல நாளைக்கு 3 போதும். ஒண்ணு சுமாரா 8லேருந்து 10 கிராம் இருக்கும். எங்க பெரியம்மா கதைய சொல்றேன், அவங்க எடுத்த உடனே ஒரு நாளைக்கு பத்து சாப்பிட்டாங்க, அதாவது ஒரே நாள்ல 13 கிராம் கிட்ட சார்பிட்டால், சாயங்காலமே வயிறு உப்பி, ரெண்டு தடவை தண்ணியா போயிடுச்சு, பழம் எனக்கு ஆகாதுன்னு நிறுத்திட்டாங்க. அப்புறம் 3ல ஆரம்பிச்சு, நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா ஒண்ணு கூட்டி, காலைல 3 ராத்திரி 3ன்னு பிரிச்சதும் நோட்ல 2ன்னு இருந்தது 4க்கு வந்துடுச்சு, கேஸும் தாங்குற அளவுல தான் இருந்துச்சு. அவங்களுக்கு 6 போதும், ஆய்வுல குடுத்த பத்து பன்னெண்டு வரைக்கும் போகவே தேவைப்படல.

தண்ணி வழக்கமா குடிக்கிறதைக் குறைக்காதீங்க. இந்த 4 வாரத்துல புதுசா இசப்கோல், ஓட்ஸ், வேற பழம் எதுவும் சேக்காதீங்க, சேத்தா எது உதவுச்சுன்னு தெரியாது.

ஸ்டெப் 5: 4 வாரம் முடிஞ்சதும்

நோட்ட எடுத்து முதல் வாரத்தோட ஒப்பிடுங்க. 1, 2 போய் 3, 4 வருதுன்னா அப்படியே தொடருங்க, மெல்ல அளவைக் குறைச்சு எங்க வரைக்கும் தாங்குதுன்னும் பாக்கலாம். தண்ணியா போகுதுன்னா பாதியாக்குங்க. கிவில கொஞ்சம் தான் மாற்றம்னா அதை நிறுத்திட்டு ப்ரூன்ஸுக்கு மாறுங்க, அதுக்கும் 4 வாரம். மலம் இளகியும் முக்க வேண்டியே இருக்கு, வாசல்ல அடைச்ச மாதிரியே இருக்குன்னா பிரச்சனை மலத்துல இல்லாம ஆசனவாய்த் தசை சரியா தளராததுல இருக்கலாம், அதுக்குத் தனியா டெஸ்ட்டும் பயோஃபீட்பேக்னு பயிற்சியும் இருக்கு, குடல் டாக்டர்கிட்ட அந்த நோட்டையே கொண்டு போய்க் காட்டுங்க.