கடை வாட்ஸ்அப் குரூப்பில் வாடிக்கையாளர்களைச் சேர்க்காதீர்கள்

ஆடித் தள்ளுபடியைச் சொல்ல பில் புக்கில் இருக்கிற நம்பரையெல்லாம் ஒரே குரூப்பில் போட்டால், ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரவில் யாரோ முன்பின் தெரியாதவர் ஒரு பெண் வாடிக்கையாளருக்கு "ஹாய்" அனுப்பினால் அந்தப் பெண் திட்டுவது உங்களைத்தான். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், யார் நம்பரும் யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் மெசேஜ் போகும், அதுவும் ஒருவகையில் நல்லதுதான்.

அப்புறம், டெலிவரிக்காக வாங்கிய நம்பர் டெலிவரிக்கு மட்டும். பில் போடும்போதே "ஆஃபர் வந்தால் மெசேஜ் அனுப்பலாமா அக்கா?" என்று தனியாகக் கேட்டு, சரி என்றால் பேருக்குப் பக்கத்தில் ஒரு டிக்கும் தேதியும் போட்டுக்கொள்ளுங்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். "வேண்டாம்" என்று ஒரு பதில் வந்தால் அன்றே பேரை எடுத்துவிடுங்கள்.

டெலிவரி பையனுக்கு முழு நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பாமல், அன்றைய முகவரிகளை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாலையில் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுங்கள், பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம், அதில்தான் நாளைக்கு யாரோ வடை மடிப்பார்கள்.