கோப்லெட் ஸ்குவாட்டில் பின்னால் சாய்கிறதா?

மன்னார்குடியில் நான் பயிற்சி கொடுக்கும் ஜிம்முக்கு, நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிற ஒருவர் வந்தார். வயது 36, எடை 82 கிலோ. "மாஸ்டர், எனக்கு உட்காரவே வரலை"ன்னார். ஸ்குவாட் போடச் சொன்னேன். தொடை பாதி வழி இறங்கும்போதே குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. குதிகாலை அழுத்தச் சொன்னால் பின்பக்கமாகச் சாய்ந்து கையால் காற்றைத் துழாவினார். இதற்கு முன் போன இடத்தில் அவர் கையில் 4 கிலோ டம்பெல்லைக் கொடுத்து, "இதை வைத்துக்கொண்டு பழகுங்க, அப்புறம் எடை ஏற்றலாம்" என்றிருக்கிறார்கள். இரண்டு மாதம் பழகியும் அதே பாதி வழிதான்.

கோப்லெட் ஸ்குவாட்டில் நடக்கிற முதல் தவறு இதுதான். கற்றுக்கொள்பவர்தானே என்று எடையை மிகக் குறைவாகக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜான். பூரண கும்பத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்துவோமே, அந்த மாதிரி ஓர் எடையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்து எழுவதுதான் மொத்தப் பயிற்சியும். இங்கே எடைக்கு முதல் வேலை தராசில் எதிர்த்தட்டாக இருப்பது. தசையைச் சோதிப்பது அதற்குப் பிறகுதான்.

உட்காரும்போது இடுப்பு பின்னால் போகிறது. உடலின் பாரம் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே நிற்காவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். அதனால் அந்தப் பாரத்தைச் சமன் செய்ய முட்டி முன்னால் போக வேண்டும், அல்லது மார்பு முன்னால் சாய வேண்டும். கணுக்கால் மடங்காதவருக்கு முட்டி முன்னால் போகாது. மீதி இருப்பது சாய்வு மட்டும். முன்னால் ஓர் எடை இருந்தால் அந்தச் சாய்வின் வேலையை அது எடுத்துக்கொள்ளும், மார்பு நிமிர்ந்தே இருக்கலாம்.

எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று ஒரு மனக்கணக்கு போடலாம். டம்பெல் அவருடைய உடலின் நடுவிலிருந்து 25 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோவானால் 4-ஐ 25-ஆல் பெருக்கி, ஆளும் எடையுமாகச் சேர்ந்த 86-ஆல் வகுத்தால் 1.2 செ.மீ. 10 கிலோவானால் 250-ஐ 92-ஆல் வகுக்க, 2.7 செ.மீ. அவ்வளவு தூரம் பாரத்தின் நடு முன்னால் நகர்கிறது. பாதமே 25 செ.மீ. நீளம்தான் என்பதால் அந்த ஒன்றரை செ.மீ. வித்தியாசம் சின்ன விஷயமில்லை. 4 கிலோவை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டு 10 கிலோவைக் கொடுத்தேன். பயந்தார். ஆனால் முதல் முறையிலேயே நான்கு விரல் கூடுதலாக இறங்கினார். உட்காரத் தெரியாதவருக்கு எடை கூடக்கூட உட்காருவது சுலபமாவதை அன்று அவரே நம்பவில்லை.

இரண்டாவது தவறு, ஏந்துகிற விதம். டம்பெல்லைச் செங்குத்தாகப் பிடித்து, மேல் குண்டின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துத் தாங்க வேண்டும். முழங்கை கீழே பார்க்க வேண்டும். மேல் குண்டு நெஞ்சைத் தொட வேண்டும், கீழ்க்குண்டு வயிற்றுக்கு மேல் தொட வேண்டும். இறங்கும்போது இந்த இரண்டு தொடுதலில் ஒன்று விட்டுப்போனால் முதுகின் மேல்பகுதி கூனுகிறது என்று அர்த்தம். கண்ணாடி கூடத் தேவையில்லை, அவருக்கே தெரிந்துவிடும். தொப்பை இருப்பவருக்குக் கீழ்க்குண்டு இடிக்கும். அவர்கள் கெட்டில்பெல்லைக் கைப்பிடியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளலாம். நம் பக்கத்து ஜிம்களில் கெட்டில்பெல் கிடைப்பது அபூர்வம். வீட்டில் பழகுகிறவருக்குப் பத்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதே போதும். தண்ணீர் கேன் வேண்டாம், உள்ளே அலம்பும்.

முன்னால் எடை இருந்தால் நல்லது என்றதும் சிலர் கையை நீட்டிவிடுவார்கள். கணக்கு சரிதான், தூரம் கூடினால் எதிர்பாரமும் கூடும். கணுக்கால் மிகவும் இறுகியவருக்கு 2 அல்லது 3 கிலோ தட்டை நீட்டிப் பிடித்து உட்காரச் சொல்வது நல்ல முன்படிதான். ஆனால் 10 கிலோவை நீட்டினால் ஐந்தாவது ரெப்ஸுக்குள் தோள் தளர்ந்து, நடு முதுகு அதைச் சுமக்க ஆரம்பிக்கும். பாரமான எடை என்றால் நெஞ்சை விட்டு விலகக் கூடாது.

அடுத்தது ஜிம்மில் தலைமுறையாக வருகிற கட்டளை: "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது." நம் ஆளுக்கும் இதைச் சொல்லியிருந்தார்கள். முட்டியைப் பின்னால் பிடித்துவைத்து ஆழமாக உட்காரச் சொன்னால் ஒரே வழி, இடுப்பை இன்னும் பின்னால் தள்ளி மார்பைக் கவிழ்ப்பது. நிமிர்ந்த ஸ்குவாட்டைக் கற்றுத்தரத்தானே நெஞ்சில் எடையைக் கொடுத்தோம்? முட்டி முன்னால் போகட்டும். பாதத்தைத் தோளகலத்தில் வைத்து, விரலைக் கொஞ்சம் வெளியே திருப்பி, முட்டி அந்த விரல் பார்க்கிற திசையிலேயே போனால் போதும். கவனிக்க வேண்டியது இரண்டு: குதிகால் கிளம்பக் கூடாது, முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது. ஏற்கனவே முட்டிவலி உள்ளவர் விஷயம் வேறு, அவர் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வரட்டும்.

முட்டி முன்னால் போகவே மறுத்தால்? இங்கேதான் பலரும் ஊகத்தில் விளையாடுகிறார்கள். உடனே இடுப்பை இழுத்து நீட்டும் பயிற்சிகளில் இறங்கிவிடுவார்கள். நான் முதலில் 2.5 கிலோ தட்டு இரண்டை எடுத்து இரண்டு குதிகாலுக்கும் அடியில் வைப்பேன். வைத்த உடனே ஸ்குவாட் நிமிர்ந்து ஆழமானால் தடை கணுக்காலில். அப்போதும் அதே இடத்தில் உடைந்தால் தடை இடுப்பிலோ, வயிற்றையும் முதுகையும் இறுக்கிப் பிடிக்கத் தெரியாததிலோ. நம் கணக்காளருக்குத் தட்டு வைத்ததும் கிட்டத்தட்ட முழு ஆழம் வந்துவிட்டது. சந்தேகம் தீர இன்னொன்றும் பார்த்தோம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் கிளம்பாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்று ஸ்கேலால் அளந்தால் வலது காலில் 9 செ.மீ., இடது காலில் 5. பத்து செ.மீ. அளவு வந்தால் வசதி. "இடது கால்ல ஏதும் அடி பட்டுச்சா சார்?" என்றேன். சின்ன வயதில் வரப்பு வழுக்கி வாய்க்காலில் விழுந்து கணுக்கால் பிசகியது, பத்து நாள் கட்டுப் போட்டது, எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவருடைய அம்மா கேட்டாராம்: "நான் இந்த வயசுலயும் குந்திக்கிட்டுதான் கோலம் போடுறேன், உனக்கு இதுக்குக் காசா?" நியாயமான கேள்விதான். ஆனால் கோலத்துக்குக் குந்தும்போது முதுகு வளைந்து, தொடையின் மேல் வயிறு சாய்ந்து, உடல் மூட்டுகளின் மேலேயே தொங்கி ஓய்வெடுக்கிறது. எடையில்லாமல் அப்படி இருப்பதில் கெடுதலே இல்லை. நெஞ்சில் பத்து கிலோவை ஏந்தியிருக்கும்போது அப்படித் தொங்கக் கூடாது. வித்தியாசம் அவ்வளவே.

ஆழத்தைத் துரத்துகிற தவறு இங்கிருந்துதான் வருகிறது. பிட்டம் குதிகாலைத் தொட்டால்தான் ஸ்குவாட் என்று நினைத்து இறங்கும்போது, ஓர் இடத்தில் இடுப்பு எலும்பு உள்ளே சுருண்டு கீழ்முதுகு உருண்டையாகிவிடும். செல்போனை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் படமெடுத்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். அதற்குச் சற்று மேலேதான் இன்றைக்கு உங்கள் ஆழம். அந்த உயரத்துக்கு எதையாவது பின்னால் வையுங்கள். நான் செங்கல் அடுக்கி மேலே ஒரு பலகை போடுவேன். பலகையைத் தொட்டதும் எழ வேண்டும், மேலே உட்கார்ந்து ஓய்வெடுக்கக் கூடாது. இரண்டு வாரம் ஒரே உயரத்தில் ஒழுங்காக வந்தால் ஒரு செங்கலை உருவிவிடலாம். படுக்கையாக வைத்த செங்கல் சுமார் ஏழு செ.மீ., அது ஒரே தாவலில் அதிகமாகப் பட்டால் இடையில் ஒரு மரப்பலகை.

அடியில் போனதும் முழங்கையை என்ன செய்வது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழங்கை இரண்டும் முட்டிகளுக்கு உள்பக்கமாக இறங்க வேண்டும். அப்போது அவை முட்டியை இலேசாக வெளியே தள்ளும். முட்டி உள்ளே மடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் முழங்கையைத் தொடையின் மேல் ஊன்றிவிட்டால் எடையைத் தொடை சுமக்கிறது, முதுகு தளர்ந்துவிடுகிறது. உள்ளே இறங்கி உரசினால் சரி, மேலே ஏறி உட்கார்ந்தால் தவறு.

அவசரத்தைப் பற்றி ஒரே வரி: இருபது ரெப்ஸ் மூச்சிரைக்கப் போடுவது கற்றுக்கொள்வதற்கு உதவாது. மூன்று எண்ணி இறங்கி, அடியில் இரண்டு எண்ணி நின்று, எழுந்து, ஐந்து அல்லது ஆறு ரெப்ஸ், அப்படி மூன்று செட். அடியில் நிற்கும் அந்த இரண்டு விநாடியில்தான் பாதம், முட்டி, மார்பு எங்கே இருக்கிறது என்று உடம்பு படிக்கிறது. மெத்தென்ற ஓட்ட ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றால் இன்னும் நன்றாகப் படிக்கும்.

எடையை ஏற்றிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. ஒரு கட்டத்தில் தொடை களைப்பதற்கு முன் கையும் மேல்முதுகும் களைத்துவிடும். அப்புறம் கோப்லெட்டில் எடை கூட்டுவது கைக்குப் பயிற்சி, காலுக்கு இல்லை. என் அனுபவத்தில் 20 முதல் 24 கிலோவை முழு ஆழத்தில், அடியில் நின்று, எட்டு ரெப்ஸ் செய்கிறவரைப் பார்பெல்லுக்கு அனுப்பலாம். அதற்கு முன் அனுப்பினால் பழைய சாய்வு தோளில் பாரத்தோடு திரும்பி வரும்.

நம் கணக்காளர் பத்து கிலோவில் தொடங்கி, தினமும் அந்தச் சுவர்ப் பயிற்சியை இடது காலுக்கு மட்டும் இரண்டு மடங்கு செய்தார். ஏழாவது வாரம் அளந்தபோது இடது கால் 7.5 செ.மீ. எடை 16 கிலோ. பின்னால் இருந்த நான்கு செங்கலில் இரண்டு போய்விட்டன. குதிகாலுக்கடியில் 2.5 கிலோ தட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு செ.மீ. கனமுள்ள பலகைத் துண்டு, இரண்டு காலுக்கும் ஒரே கனம். அதை எப்போது எடுப்பது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்கிறார். சுவரில் 9 வந்த பிறகு என்று சொல்லியிருக்கிறேன்.