கேஷ் ஃபுளோ கணக்கில் உதைக்கும் அந்த 18,000 வெள்ளி

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் அக்கவுண்டன்சி படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "மாமா, கேஷ் ஃபுளோ 18,000 உதைக்குது" என்று தாளை நீட்டினாள். இயந்திரத்தைக் காட்டும் வரியில்தான் கோளாறு. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். கிட்டத்தட்ட அதே கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

தேக்காவில் மசாலா அரைத்து விற்கும் ஒரு சிறு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அதன் பேலன்ஸ் ஷீட், வெள்ளியில்:

| | 2024 | 2025 |
|---|---|---|
| இயந்திரம் (தேய்மானம் போக) | 80,000 | 95,000 |
| சரக்கு இருப்பு | 30,000 | 25,000 |
| வரவேண்டிய பாக்கி | 18,000 | 25,000 |
| ரொக்கம் | 12,000 | 16,000 |
| கொடுக்கவேண்டிய பாக்கி | 15,000 | 17,000 |
| வங்கிக் கடன் | 40,000 | 34,000 |
| பங்கு மூலதனம் | 50,000 | 60,000 |
| சேர்ந்த லாபம் | 35,000 | 50,000 |

கேள்வித்தாளில் கூடுதலாகச் சில தகவல்கள் இருக்கும். ஆண்டு லாபம் 20,000, தேய்மானம் 12,000, கொடுத்த ஈவுத்தொகை 5,000. ஏட்டு மதிப்பு 6,000 உள்ள பழைய அரவை இயந்திரம் 8,000க்கு விற்கப்பட்டது. வட்டி, வரி இரண்டையும் இங்கே விட்டுவிட்டேன்.

முதல் படி: பென்சிலால் குறியிடுங்கள்

கேஷ் ஃபுளோ கணக்கு என்பது ஆண்டில் ரொக்கம் வந்து போனதை இயக்கம், முதலீடு, நிதி என்று மூன்று பகுதியாகக் காட்டுவது. கால்குலேட்டரைத் தொடும் முன் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். சரக்கும் இரண்டு பாக்கிகளும் அன்றாட வியாபாரம், அதனால் 'இ' (இயக்கம்). இயந்திரம் 'மு' (முதலீடு). கடனும் மூலதனமும் 'நி' (நிதி). சேர்ந்த லாபத்துக்கு மட்டும் இரண்டு எழுத்து வேண்டும். அது 15,000 கூடியிருக்கிறது. 20,000 லாபம் 'இ'க்குப் போகும், 5,000 ஈவுத்தொகை 'நி'க்குப் போகும். ரொக்கத்துக்கு எழுத்து வேண்டாம். நாம் போய்ச் சேரவேண்டிய விடையே அந்த 4,000 உயர்வுதான்.

இரண்டாம் படி: இயந்திரக் கணக்கைத் திறங்கள்

இயந்திரம் 80,000லிருந்து 95,000 ஆனது. அப்படியானால் 15,000க்கு வாங்கினார்கள் என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த 15,000 பல விஷயங்கள் கலந்து வந்த மிச்சம். தனியாக ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்:

```
தொடக்க இருப்பு        80,000
தேய்மானம்           - 12,000
விற்றதன் ஏட்டு மதிப்பு  -  6,000
                     62,000
இறுதி இருப்பு         95,000
வாங்கியது            33,000
```

எதுவும் வாங்காமல் இருந்திருந்தால் 62,000தான் மிஞ்சியிருக்கும். ஆனால் 95,000 இருக்கிறது. ஆக, கையிலிருந்து போனது 33,000. விற்றதில் கைக்கு வந்தது 8,000. ஏட்டு மதிப்பான 6,000 அல்ல. முதலீட்டு நடவடிக்கைகளில் நிகரமாக 25,000 வெளியே போயிருக்கிறது.

மூன்றாம் படி: லாபத்தை ரொக்கமாக மாற்றுங்கள்

20,000 லாபத்தில் தொடங்குங்கள். தேய்மானம் 12,000 செலவாகக் கழிக்கப்பட்டது, ஆனால் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, கூட்டுங்கள். இயந்திரம் விற்ற லாபம் 2,000 ஏற்கெனவே அந்த 8,000க்குள் இருக்கிறது; இங்கே விட்டால் இரண்டு தடவை எண்ணியதாகிவிடும், கழியுங்கள். வரவேண்டிய பாக்கி 7,000 கூடியது, அதாவது விற்றோம், காசு வரவில்லை, கழியுங்கள். சரக்கு 5,000 குறைந்தது, அதில் முடங்கிய காசு விடுபட்டது, கூட்டுங்கள். கொடுக்கவேண்டியது 2,000 கூடியது, அந்தக் காசு இன்னும் கையை விட்டுப் போகவில்லை, அதையும் கூட்டுங்கள். மொத்தம் 30,000.

நிதிப் பகுதி எளிது. பங்கு வெளியிட்டு 10,000 வந்தது, கடனில் 6,000 அடைத்தார்கள், ஈவுத்தொகை 5,000 போனது. நிகரமாக 1,000 வெளியே. சரி, இப்போது 30,000 - 25,000 - 1,000 = 4,000. ரொக்கமும் 12,000லிருந்து 16,000 ஆகியிருக்கிறது.

உதைத்தால் எங்கே பார்ப்பது?

அக்கா மகள் 15,000 வாங்கியதாக எழுதி, விற்ற 8,000ஐயும் போட்டிருந்தாள். அவளுக்கு 4,000க்குப் பதில் 22,000 வந்தது. கூடுதலாக வந்த 18,000, தேய்மானம் 12,000மும் ஏட்டு மதிப்பு 6,000மும் சேர்ந்தது. வரவேண்டிய பாக்கி கூடிய 7,000ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் இரு மடங்கு, அதாவது 14,000 உதைக்கும். அதனால் வித்தியாசத்தை முதலில் இரண்டால் வகுத்து, அந்தத் தொகை கேள்வியில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆனால் கடைசி எண் பொருந்திவிட்டது என்று பேனாவை மூடிவிடாதீர்கள். ஈவுத்தொகையைத் தவறி இயந்திரத்துக்குப் பக்கத்தில் எழுதினாலும் 4,000 வரும். விற்ற தொகையை 6,000 என்று எழுதி, அந்த 2,000 லாபத்தைக் கழிக்க மறந்தாலும் 4,000தான் வரும். இந்த மாதிரித் தவறுகளை மொத்தம் காட்டிக்கொடுக்காது. முதல் படியில் போட்ட பென்சில் எழுத்துகளோடு ஒவ்வொரு வரியையும் திரும்ப ஒத்துப்பார்த்தால்தான் பிடிபடும்.