முக்திநாத் யாத்திரைக்கு மருந்துப் பை: தலையிடியும் வயிற்றோட்டமும் ஒன்றாக வந்தால்

சிவனொளிபாதமலை ஏறும்போது தலை சுற்றி வாந்தி வந்தால் “உயரம் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் உயரத்தின் வேலை இல்லை. உயர்மலை நோய் வழக்கமாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும். நுவரெலியா 1,868 மீற்றர், சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், நாட்டின் உச்சியான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். நல்லதண்ணியில் இரவு கொத்தைச் சாப்பிட்டுவிட்டு, தூக்கமில்லாமல், தண்ணீர் குடிக்காமல் ஏறுவதுதான் அங்கே ஆளைச் சாய்க்கிறது. அதற்கு உயர்மலை நோய்த் தடுப்பு மாத்திரையான டயமொக்ஸ் வாங்க வேண்டாம்.

நேபாளத்து முக்திநாத் யாத்திரை வேறு கதை. கோயில் ஏறக்குறைய 3,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. போக்கராவோ வெறும் 800 மீற்றர் சொச்சம். அங்கிருந்து விமானத்தில் அரை மணிக்குள் ஜோம்சொம் (சுமார் 2,700 மீற்றர்), பிறகு ஜீப்பில் மேலே. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பிறந்து வளர்ந்த உடம்பு என்பது இங்கே காப்பு ஆகாது.

படி 1: மருந்துக்கு முன் எங்கே தூங்குவது என்று பாருங்கள்

பயண முகவர் தரும் அட்டவணையில் இரவு தங்கும் இடங்களை மட்டும் வட்டம் போடுங்கள். ஜோம்சொமில் தங்கி, மறுநாள் காலை முக்திநாத் போய்த் தரிசித்துவிட்டு, மாலையே ஜோம்சொம் திரும்புவதாக இருந்தால், முன்பு உயர்மலை நோய் வராத பலருக்குத் தடுப்பு மாத்திரை தேவைப்படாது. போக்கராவிலிருந்து நேரே போய் முக்திநாத்திலேயே படுப்பதாக இருந்தால் ஆபத்து கூடும். முதலில் அட்டவணையை மாற்றக் கேளுங்கள். முடியாவிட்டால்தான் மாத்திரை.

அந்த மாத்திரை அசட்டசோலமைட். டயமொக்ஸ் என்று கேட்டால் பாமசியில் புரியும், ஆனால் டொக்டரின் சீட்டோடு வாங்குங்கள். பெரியவர்களுக்குத் தடுப்பு அளவு 125 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, காலையும் மாலையும். ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கி, இறங்கத் தொடங்கும்வரை. மேலேயே தங்குபவர்கள் உச்சி இடத்தை அடைந்து இரண்டு நாள்வரை. விரல் நுனி ஊசி குத்தினாற்போல் இருக்கும், சோடா ருசி கெட்டுப்போகும், சிறுநீர் அடிக்கடி வரும். இவை எதிர்பார்ப்பவைதான். ஆனாலும் வீட்டிலேயே ஒரு நாள் குடித்துப் பாருங்கள், மலையில் பயப்படாமல் இருக்கலாம். சல்ஃபா மருந்துக்கு ஒவ்வாமை, சிறுநீரக நோய், கர்ப்பம் இருந்தால் டொக்டரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

படி 2: வயிற்றுக்கான பகுதி

பையில் அதிகம் இருக்க வேண்டியது ஜீவனிதான். ஒரு லீற்றர் பொதி ஆளுக்கு நான்கு. பொதியில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை அப்படியே அளந்து ஊற்றுங்கள். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடி நிலைமை மோசமாகும். “கெட்டியாகக் கரைத்தால் சீக்கிரம் கேட்கும்” என்பது பிழை. கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். பொதி தீர்ந்தால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமான தேக்கரண்டியால் சீனி ஆறு, உப்பு அரை. 2,000 மீற்றருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுங்கள்.

லொபெரமைட் (இமோடியம்) பெரியவர்களுக்கு மட்டும், நீண்ட ஜீப் பயணத்துக்காக. முதலில் 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, பிறகு ஒவ்வொரு தடவை போனதும் ஒன்று, ஒரு நாளில் நான்கைத் தாண்டக்கூடாது. மலத்தில் இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் தொடவே வேண்டாம், கிருமியை உள்ளேயே அடைத்துவைத்தது போலாகும்.

கடும் வயிற்றோட்டத்துக்கு டொக்டர் அசித்ரோமைசின் எழுதித் தரலாம். தெற்காசியாவில் சிப்ரோபுளொக்சசினுக்கு அடங்காத கிருமிகள் அதிகம் என்பதே காரணம். இதய நோய் இருப்பவர்கள் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டில் மிஞ்சிய மெட்ரோனிடசோலை எடுத்துப் போவது பலரின் பழக்கம். அது அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் வேலை செய்யும், பயணத்தில் வழக்கமாக வரும் ஈ கோலை வயிற்றோட்டத்துக்குச் செய்யாது.

இவற்றோடு பனடோல், ஒரு வெப்பமானி. புரூஃபனை விட்டுவிடுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

படி 3: இரண்டும் சேர்ந்து வரும் இரவு

பலர் தவறுவது இங்கேதான். 58 வயது ஐயா ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரத்த அழுத்தத்துக்கு லொசாட்டன் குடிப்பவர், டயமொக்ஸும் தொடங்கியிருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு முக்திநாத் வந்து அங்கேயே தங்குகிறார். இரவு பதினொரு மணிக்குத் தலையிடி, சாப்பாடு வேண்டாம். மூன்று மணிக்குள் தண்ணீராக நான்கு தடவை போய்விட்டது.

தலையிடியும் குமட்டலும் சோர்வும் நீர் வற்றினாலும் வரும், உயர்மலை நோயிலும் வரும். அந்த உயரத்தில் வேறு காரணம் உறுதியாகும்வரை உயர்மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் அவரை எழுப்பி, நேர்கோட்டில் குதிகாலும் விரலும் முட்டுமாறு மூன்று மீற்றர் நடக்கவைக்கிறோம். தள்ளாடாமல் நடக்கிறார், பேச்சும் தெளிவு. சும்மா இருக்கும்போது மூச்சு வாங்கவில்லை. சிறுநீர் மட்டும் பிளேன்டீ நிறம்.

அப்படியானால் ஜீவனி ஒரு லீற்றரை இரண்டு மணி நேரத்தில் சிறிது சிறிதாக, பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு. அடுத்த டயமொக்ஸை நிறுத்திவைக்கிறோம். அது சிறுநீரை வெளியேற்றுகிற மருந்து, வற்றிய உடம்பை இன்னும் வற்றவைக்கும். லொசாட்டன், மெட்போமின் போன்றவற்றை வயிற்றோட்ட நாளில் குடிப்பதா விடுவதா என்று புறப்படும் முன்பே டொக்டரிடம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். இரவு மூன்று மணிக்கு யாரைக் கேட்பது?

ஐந்து மணிக்குத் தலையிடி விட்டு, சிறுநீர் வெளுத்திருந்தால் பெரும்பாலும் நீர் வற்றியதுதான். விடவில்லையென்றால் உயர்மலை நோய். கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று பேசாமல், வெளிச்சம் வந்ததும் ஜோம்சொமுக்கு ஜீப். ஆயிரம் மீற்றர் இறங்கினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

படி 4: சுயவைத்தியத்தை நிறுத்தும் இடம்

நேர்கோட்டில் தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று பொருள். ஒக்சிசன் கிடைத்தால் கொடுத்துக்கொண்டே அந்த இரவே இறக்குங்கள், ஆளைத் தனியே நடக்கவிடாதீர்கள். டெக்சாமெத்தசோன் டொக்டர் தந்திருந்தால் அவர் எழுதிய அளவில் கொடுக்கலாம், ஆனால் அது இறங்குவதற்குப் பதில் இல்லை. நீரிழிவு உள்ளவருக்குச் சீனியையும் ஏற்றிவிடும்.

வயிற்றில் என்றால்: மலத்தில் இரத்தம், 38.5 பாகைக்கு மேல் காய்ச்சல், ஜீவனியும் தங்காத வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. இவற்றில் ஒன்று போதும், ஆஸ்பத்திரிக்கு. பெரியவருக்கு இரண்டு நாளாகியும் குறையாவிட்டாலும் அப்படித்தான். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் ஒரு நாளுக்கு மேல் பொறுக்க வேண்டாம்.

திரும்பி வந்தபின் இரண்டு வாரமாகியும் வயிறு சரியாகாமல், புளித்த ஏப்பமும் எடைக்குறைவும் இருந்தால் ஜியார்டியாவாக இருக்கலாம், மலப் பரிசோதனை கேளுங்கள். காய்ச்சல் வந்தால் “நேபாளத்துத் தண்ணீர்” என்று விட்டுவிடாதீர்கள். கொழும்பில் நுளம்பு கடித்திருந்தால் டெங்குவாகவும் இருக்கலாம், அதிலும் புரூஃபன் கூடாது. வீட்டில் ஆள் மயங்கினால் 1990க்கு அழைத்து, எந்த நாளில் எந்த உயரத்தில் இருந்தார், என்ன மாத்திரை குடித்தார் என்பதைச் சொல்லுங்கள்.