படத்தில் இருப்பது எந்த ஆமை? முதலில் காலைப் பாருங்கள்

ஐப்பசி மழை நாளொன்றில், சுசீந்திரம் பக்கம் வயல் வைத்திருக்கும் மாமாவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. ஈரத் தார்ச்சாலை நடுவே கறுப்பாக ஒரு ஆமை. கூடவே குரல் பதிவு: "மக்களே, ரோட்டுல ஒரு ஆமை கெடக்கு. பயலுவ எல்லாம் கடலாமைன்னு சொல்லி, மணக்குடி கடல்ல கொண்டுபோய் விடணும்னு நிக்கானுவ. என்ன செய்யணும்?"

தமிழில் எல்லாமே ஆமைதான். அதனால் வரும் குழப்பம் இது. ஆங்கிலத்தில் டர்ட்டில், டார்ட்டாய்ஸ், டெர்ரபின் என்று மூன்று சொல் உண்டு. அவையும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. அமெரிக்கர்கள் குளத்து ஆமையையும் டர்ட்டில் என்பார்கள்; இங்கிலாந்தில் அதையே டெர்ரபின் என்பது வழக்கம். அந்தச் சொற்களை விட்டுவிட்டு, நமக்கு வசதியாக கடலாமை, நில ஆமை, குளத்து ஆமை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். மாமா அனுப்பிய படத்தை வைத்தே எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

படி 1: இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

எல்லாரும் முதலில் பார்ப்பது இடத்தைத்தான். தவறும் அங்கேதான் தொடங்குகிறது. தரையில் நடந்தால் நில ஆமை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் குளத்து ஆமைகள் மழைக்காலத்தில் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரைவழியாகவே போகும், முட்டையிடவும் கரையேறும். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு என்பதால், ஆண்டில் இரண்டு முறை இவை சாலையில் தென்படலாம். கடலாமையும் முட்டையிட மணலில் ஏறி வரும். ஆகவே இடம் ஒரு துணைச் சான்று மட்டும்தான்.

படி 2: கால்

தீர்ப்புச் சொல்வது கால். படத்தைப் பெரிதாக்கி, முன்னங்காலை முதலில் பாருங்கள்.

கடலாமைக்கு விரல் பிரிந்து தெரியாது. முன்னங்கால் நீண்டு, தட்டையாக, படகுத் துடுப்பு போல இருக்கும். நகம் இருந்தாலும் துடுப்பின் ஓரத்தில் ஒன்றோ இரண்டோதான். கையளவு குஞ்சுக்கும் இதே துடுப்புதான். அதனால் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நில ஆமையின் பின்னங்கால் யானைக்கால் மாதிரி. உருண்டைத் தூண் ஒன்று நேராக இறங்கி, அடியில் தட்டையாக முடியும். விரல்கள் தனித்தனியாகத் தெரியாது. தூணின் விளிம்பில் நகங்களைப் பதித்து வைத்தது போலிருக்கும். முன்னங்காலின் முன்பக்கம் தடித்த செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும்.

குளத்து ஆமைக்கு விரல்கள் பிரிந்து தெரியும். அவற்றுக்கு நடுவே வாத்தின் காலில் இருப்பது போல் சவ்வு ஓடும். விரல் நுனிகளில் நீண்ட நகங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். சேறு அப்பிய காலில் சவ்வு தெரியாது. விரல்கள் ஒட்டிக்கொண்டு தூண் போலத் தோன்றும். மாமாவின் முதல் படம் அப்படித்தான் இருந்தது. தலைக்கு மேலே நின்று எடுத்த படம். கால்கள் ஓட்டுக்கு அடியில் மறைந்துவிட்டன. "மாமா, குனிஞ்சு தரையோட தரையா வச்சு, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க. பின்னங்கால் தெரியணும்" என்றேன். படம் கேட்கும்போது நீங்களும் இந்த இரண்டையும் கேளுங்கள்: பக்கவாட்டில் முழு உடம்பு ஒன்று, பின்னங்கால் மட்டும் ஒன்று.

இரண்டாவது படத்தில் ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கால் தெரியவில்லை என்றாலும் ஒரு விஷயம் முடிவாகிவிட்டது. கடலாமையால் தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுக்க முடியாது. ஆக, இது கடலாமை இல்லை. மணக்குடிப் பயணம் அந்த நிமிடமே ரத்து. நன்னீர் ஆமையை அலைக்குள் விட்டால் அது உப்பு நீரில் மெல்ல மெல்லச் செத்துப்போகும்.

படி 3: ஓட்டின் பக்கவாட்டு வடிவம்

இனி மிச்சம் நில ஆமையா, குளத்து ஆமையா என்பதுதான். ஓட்டை மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. பக்கவாட்டில், அதன் உயரத்தைப் பாருங்கள்.

நில ஆமையின் ஓடு கவிழ்த்த சட்டி போல உயர்ந்து நிற்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் போல வறண்ட முட்காட்டில் வாழக்கூடிய நட்சத்திர ஆமையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் மேடாக எழும்பி, அதன் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் கதிராக விரியும். குளத்து ஆமையின் ஓடு அதைவிடத் தாழ்வு. கடலாமையின் ஓடு இன்னும் தட்டை. பின்பக்கம் குறுகி, மேலிருந்து பார்க்க இதய வடிவம். ஆனால் நம் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை என்ற கடலாமையை மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட வட்டமாகவே தோன்றும்.

ஓட்டை மட்டும் நம்பினாலும் தவறு வரும். மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் திருவிதாங்கூர் ஆமை என்றொரு நில ஆமை உண்டு. அதன் ஓடு நட்சத்திர ஆமையுடையதைப் போல அவ்வளவு உயரமில்லை. அந்த மாதிரிச் சமயத்தில் மறுபடியும் காலுக்கே திரும்ப வேண்டியதுதான்.

மாமாவின் படத்தில் ஓடு மிதமான உயரம், கருநிறம். அதன் மேல் நீளவாக்கில் மூன்று மேடுகள், வயல் வரப்பு மாதிரி: நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. இது காராமை என்ற குளத்து ஆமையின் அடையாளம். அதன் அறிவியல் பெயரிலுள்ள 'ட்ரைஜுகா' என்ற சொல்லும் அந்த மூன்றைத்தான் குறிக்கிறது. வயதான ஆமையில் மேடுகள் தேய்ந்து மங்கியிருக்கும். அவை இல்லாததை மட்டும் வைத்து வேறு இனம் என்று சொல்லிவிடக் கூடாது.

இன்னொரு நன்னீர் ஆமையும் நம் குளங்களில் உண்டு. பாலாமை என்பார்கள். அதன் ஓட்டில் கட்டமே இருக்காது. தோல் போர்த்தியது போல வழவழப்பாக இருக்கும். மூக்கு குழாயாக நீண்டிருக்கும். ஒரு காலுக்கு மூன்றே நகம். காராமையோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை தெரிந்தால் அது நம் ஊர் ஆமையே இல்லை. மீன்தொட்டிக்காக வாங்கி, பெரிதானதும் குளத்தில் விடப்பட்ட அமெரிக்க ஆமை அது. அதைத் திரும்பவும் குளத்தில் விட வேண்டாம்.

படி 4: காத்திருங்கள்

பத்து நிமிடம் எல்லாரும் தள்ளி நிற்கச் சொன்னேன். ஆமை தலையை நீட்டியது, கால்களும் வெளியே வந்தன. மாமா மூன்றாவது படம் அனுப்பினார். பின்னங்காலை ஊன்றி எழும்பும் நொடி. மழை சேற்றைக் கழுவியிருந்தது. விரல்களுக்கு நடுவே மெல்லிய சவ்வு விரிந்து, தார்ச்சாலை ஈரத்தில் பளபளத்தது. சந்தேகமே இல்லை, காராமை.

"குளத்து ஆமைதான் மாமா. எந்தப் பக்கம் பாத்துப் போச்சோ, அந்தப் பக்கமே ரோட்டைத் தாண்டி விட்டுருங்க. வந்த பக்கம் விட்டா திரும்பவும் ரோட்டுக்குத்தான் வரும்."

இரண்டு கைகளாலும் ஓட்டின் பக்கங்களைப் பிடித்து, தரையை ஒட்டியே தூக்கி, வயலோரத்து வாய்க்கால் கரையில் வைத்தார்கள். சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று என்று மாமா அப்புறம் சொன்னார்.