ஒரே மெயிலில் ஆறு கேள்விகள்: எதை முதலில் வைப்பது?

கேள்விகள் நிறைந்த மெயில் வந்தால், படிப்பவர் பெரும்பாலும் மேலே இருப்பதற்கும் சுலபமாக இருப்பதற்கும் பதில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கீழே கிடக்கும் முக்கியமான கேள்வி அப்படியே நின்றுவிடும். இந்த மெயிலைப் பாருங்கள்:

> வணக்கம் சார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி பற்றி எழுதுகிறேன். கையேட்டை அச்சடிக்கலாமா, பிடிஎஃப் போதுமா? அட்டையில் பழைய லோகோவா, புதியதா? மொத்தம் எத்தனை பேர் வருகிறார்கள்? செய்முறைப் பகுதியை நானே எடுக்கவா? அரங்கு வியாழனுக்குப் பதிவாகிவிட்டது, வெள்ளியும் வேண்டுமானால் இன்று 4 மணிக்குள் சொல்லச் சொல்கிறார்கள். பயிற்சி ஒரு நாளா, இரண்டு நாளா என்பதும் தெரியவில்லை.

இதற்கு "பிடிஎஃப் போதும், புதிய லோகோ" என்று பதில் வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. கேள்விகள் நம் மனதில் தோன்றிய வரிசையில் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். சரி, இதை மாற்றி அடுக்குவோம்.

படி 1: கேள்விகளைத் தனியே எடுங்கள்

வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். கேள்விக்குறி இல்லாதவற்றையும் விடாதீர்கள். மேலே உள்ள மெயிலில் மிக அவசரமான இரண்டும் (வெள்ளிக்கிழமை அரங்கு, எத்தனை நாள்) கேள்வி வடிவத்திலேயே இல்லை, தகவல் போல ஒளிந்திருக்கின்றன. மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணில் அவை படவே படாது.

படி 2: எதற்கு எது காத்திருக்கிறது?

ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் இரண்டு விஷயங்களைக் குறியுங்கள்: எப்போதைக்குள் பதில் வேண்டும், வேறு எந்தப் பதில் தெரிந்தால் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கெடு இருப்பது அரங்குக்கு, அதனால் அதுதான் முதல் கேள்வி என்று தோன்றும். ஆனால் வெள்ளிக்கிழமை அரங்கு வேண்டுமா என்பதை முடிவு செய்ய, பயிற்சி எத்தனை நாள் என்று தெரிய வேண்டும். ஆகவே அரங்கின் கெடு "எத்தனை நாள்" என்ற கேள்விக்குப் போய்விடுகிறது. அதற்குத் தனியாகக் கெடு எதுவும் இல்லாவிட்டாலும் அதுதான் முதலில் வர வேண்டும். அதற்குப் பதில் கிடைத்தால் அரங்குக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் என்று முடிவானால் செய்முறைப் பகுதிக்கும் நேரம் இருக்காது, அந்தக் கேள்வியும் போய்விடும்.

படி 3: கேட்கத் தேவையில்லாததை எடுத்துவிடுங்கள்

எத்தனை பேர் என்பது மனிதவளப் பிரிவுக்குத் தெரியும், அவர்களிடமே கேட்கலாம். லோகோவை நாமே முடிவு செய்து, இப்படிச் செய்கிறேன் என்று சொன்னால் போதும். ஆனால் செலவு வைப்பது, திரும்ப மாற்ற முடியாதது என்றால் இந்த வழி வேண்டாம். அச்சடித்த பிறகு கையேட்டை மாற்ற முடியாது, எனவே அது கேள்வியாகவே இருக்கட்டும்.

படி 4: திரும்ப எழுதுங்கள்

> பொருள்: பயிற்சி ஒரு நாளா, இரண்டு நாளா? இன்று 3.30க்குள் பதில் தேவை
>
> வணக்கம் சார். கீழே மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விக்கு மட்டும் இன்று 3.30க்குள் பதில் வேண்டும். மற்றவற்றுக்குத் திங்கட்கிழமை சொன்னால் போதும்.
>
> 1. பயிற்சி ஒரு நாளா, இரண்டு நாளா? இரண்டு நாள் என்றால் வெள்ளிக்கிழமைக்கும் அரங்கைச் சொல்லி வைக்க வேண்டும், அதற்கு இன்று 4 மணி வரைதான் நேரம்.
> 2. இரண்டு நாள் என்றால் மட்டும்: செய்முறைப் பகுதியை நான் எடுக்கவா, வேறு யாரையாவது கேட்கவா?
> 3. கையேட்டை அச்சடிக்கலாமா, பிடிஎஃப் போதுமா?
>
> அட்டையில் புதிய லோகோவைப் போடுகிறேன். வேண்டாமென்றால் சொல்லுங்கள்.

கேள்வி முதலில், காரணம் அதன் பின்னால். 4 மணிக் கெடுவுக்கு 3.30 என்று கேட்டது, பதில் வந்த பிறகு அரங்குக்குப் போன் செய்ய நமக்கும் நேரம் வேண்டும் என்பதால். "சீக்கிரம்" என்று எழுதாதீர்கள், அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரம்.

படி 5: அனுப்பும் முன் பாருங்கள்

பொருள் வரியையும் முதல் இரண்டு வாக்கியங்களையும் மட்டும் படியுங்கள். போனில் அறிவிப்பாக வரும்போது அநேகமாக அவ்வளவுதான் தெரியும். என்ன முடிவு வேண்டும், எப்போதைக்குள் என்பது அதிலேயே புரிய வேண்டும். அப்புறம், "1 - இரண்டு நாள்" என்று மட்டும் பதில் வந்தால் உங்கள் வேலை நகருமா என்று யோசியுங்கள். நகராது என்றால் கேள்வியில் இன்னும் ஏதோ குறைகிறது.

முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தால் அரங்கு வேலையை முடித்துவிட்டு, மீதியைத் திங்கட்கிழமை அதே மெயில் தொடரில் நினைவூட்டுங்கள். அப்போது எண்களை மாற்ற வேண்டாம்; 2, 3 என்றே இருக்கட்டும். புதிதாக 1, 2 என்று போட்டால் அவர் பழைய மெயிலைப் பார்த்து வேறு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார்.