படத்தில் கறுப்பாகத் தெரிவது வெயிலா, தோலா?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அத்தைக்குச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. போன மாதம் மதியம் கைப்பேசியில் அவரைப் படம் எடுத்தேன். "என்னடா, நெத்தி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கண்ணையே காணோம்!" என்றார். அதே படத்தைச் சரியாக எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நேரம். தீபகற்ப மலேசியாவில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1:15க்கு. மாதத்தைப் பொறுத்துக் கால் மணி முன்பின் ஆகலாம். அப்போது வெளிச்சம் நேர் மேலிருந்து விழும். நெற்றியும் மூக்கும் வெளுக்கும், வியர்வை இருந்தால் பளபளக்கும். கண்குழியும் தாடைக்கீழும் இருண்டுவிடும். புல்தரையில் நின்றால் தாடையில் லேசான பச்சையும் ஏறும்.

இனி, எது வெயிலின் வேலை, எது தோலின் நிறம் என்று பிரிக்க வேண்டும். அத்தையை அதே இடத்தில் மெல்லத் தலையைச் சாய்த்துத் திருப்பச் சொன்னேன். கண்ணடி இருட்டும் மூக்கின் நிழலும் இடம் மாறின. நெற்றிக்கும் கன்னத்துக்கும் நடுவே இருந்த கோடு மட்டும் அசையவே இல்லை. அது தலைத்துண்டு கட்டும் இடம். துண்டுக்குள் இருந்த நெற்றி வெயில் படாமல் தப்பித்தது, கன்னம் கறுத்துவிட்டது. நகர்ந்தால் நிழல், நகராவிட்டால் தோல்.

அப்புறம் அவரைக் கடை அஞ்சடிக்கு அழைத்துப் போனேன். கூரை ஓரத்திலிருந்து இரண்டு எட்டு உள்ளே, முகம் சாலையைப் பார்த்தபடி. தலைக்கு மேலிருந்து வரும் வெயிலைக் கூரை தடுக்கும், வானத்து வெளிச்சம் முன்னாலிருந்து பரவலாக வரும். எதிரே சிவப்புச் சுவர் இருந்தால் இடத்தை மாற்றுங்கள், அந்த நிறம் கன்னத்தில் ஏறும். பின்னால் வெளிச்சமான வானம் இருந்தாலும் வேண்டாம். கைப்பேசி வானத்தைச் சமாளிக்கப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும்.

பிறகு திரையில் கன்னத்தைத் தொட்டு, விரலை அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் வெளிச்ச அளவு அங்கேயே பூட்டிக்கொள்ளும். அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், அது நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு வெளுக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் கூடுதலாக எடுங்கள். வெள்ளைத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் முகமும் அப்படித்தான் மாறியிருக்கும். கையைத் தூக்கி மேல்கையின் உட்புறத்தையும் கன்னத்தருகே காட்டச் சொல்லுங்கள். வெயில் அதிகம் படாத அந்த இடம்தான் பிறவி நிறத்துக்குக் கிட்ட வரும்.

அஞ்சடிப் படத்தில் அத்தையின் கண்கள் தெரிந்தன. நெற்றிக்கோடும் தெரிந்தது, ஆனால் வெயிலில் பார்த்த அளவு அப்பட்டமாக இல்லை. அதை அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

"விடுடா, துண்டு கட்டுற நெத்திதானே" என்றார்.